தீர்க்கிறதுக்கு முன்னாடியே ரூட் எத்தனைன்னு சொல்லுங்க
சனிக்கிழமை மேத்ஸ் வகுப்பு, சாட்ஸ்வொர்த், கிரேடு 11

பிள்ளைங்களா, இந்த ஷீட்டுல நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், ஃபார்முலாவுல நம்பரைப் போடறதுக்கு முன்னாடி ரூட் எத்தனை வரும்னு முதல் வரியில எழுதிடுங்க. அப்புறம்தான் கால்குலேட்டரைத் தொடணும்.

முதல்ல எல்லாத்தையும் ஒரே பக்கம் கொண்டு வந்து ax² + bx + c = 0 ஆக்குங்க, a பூஜ்யமா இருக்கக்கூடாது. ஃபார்முலா இது:

```
x = (-b ± √(b² - 4ac)) / 2a
```

மெட்ரிக் பேப்பர் 1 கடைசியில இருக்கிற ஃபார்முலா ஷீட்டுல முதல்லயே இது இருக்கும், அதனால மனப்பாடம் பத்தி பயம் வேணாம். ஆனா ரூட்டுக்குள்ள இருக்கிற b² − 4ac என்ன சொல்லுதுன்னு அந்த ஷீட் சொல்லித்தராது, அது உங்க தலையில இருக்கணும். அதுக்குப் பேரு டிஸ்கிரிமினன்ட், Δ-ன்னு எழுதுவோம்.

ஏன் அது மட்டும் முடிவு பண்ணுது? ஸ்கொயரை முழுசாக்கினா சமன்பாடு இப்படி நிக்கும்:

```
(x + b/2a)² = (b² - 4ac) / 4a²
```

இடது பக்கம் ஒரு ஸ்கொயர், ரியல் நம்பரை ஸ்கொயர் பண்ணா மைனஸ் வரவே வராது. வலது பக்கம் கீழ இருக்கிற 4a² எப்பவும் பிளஸ்தான், அப்போ மிச்சம் மேல இருக்கிற b² − 4ac மட்டும்தானே. அது மைனஸா போச்சுன்னா ரியல் x கிடையாது, பூஜ்யம்னா ஒரே x (பேப்பர்ல இதை ரெண்டு சம ரூட்னு சொல்லுவாங்க), பிளஸ்னா ரெண்டு வேற வேற x. a, b, c முழு எண்ணா இருந்து Δ 49, 64 மாதிரி முழு ஸ்கொயரா வந்தா ரூட் ரெண்டும் ராஷனல், காரணிப்படுத்தியே முடிச்சிடலாம்.

கணக்கே போடாம சொல்லக்கூடிய இடம் ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது: a-வும் c-யும் எதிர் குறியா இருந்தா −4ac பிளஸ் ஆயிடும், b² எப்படியும் மைனஸ் இல்ல, அப்போ Δ கட்டாயம் பிளஸ், ரெண்டு ரூட் உறுதி. 2x² − 5x − 3 = 0 பாருங்க, 2-ம் −3-ம் எதிர், ரெண்டு ரூட்னு எழுதிடுங்க. Δ = 25 + 24 = 49, x = (5 ± 7)/4, அதாவது 3 அல்லது −1/2.

கால்குலேட்டர்ல b = −5-ன்னா (−5)²-ன்னு பிராக்கெட் போட்டு அடிங்க, பிராக்கெட் இல்லாட்டி −25 காட்டும், உங்க கணிப்பே தலைகீழா போயிடும். அதே மாதிரி 2a முழுசுக்கும் கீழ வரணும், ரூட்டுக்கு மட்டும் இல்ல.

3x² = 7x − 1: மாத்தினா 3x² − 7x + 1 = 0. Δ = 49 − 12 = 37, ரெண்டு ரூட், ராஷனல் இல்ல. x = 2,18 அல்லது 0,15.

இப்போ வீட்டுப் பின்னாடி கிரிக்கெட். தரையிலிருந்து பந்தை நேரா மேல விநாடிக்கு 12 மீட்டர் வேகத்துல அடிக்கிறீங்க, உயரம் h = 12t − 5t² (g-ஐ 10-ன்னு எடுத்திருக்கோம், காத்தை விட்டுட்டோம்). 7 மீட்டர்ல ஒரு ஒயர் போகுது, படுமா? 5t² − 12t + 7 = 0, Δ = 144 − 140 = 4, ரெண்டு ரூட்: 1 விநாடியில ஏறும்போது, 1,4-ல இறங்கும்போது அந்த உயரத்தைத் தாண்டுது. ஒயர் 8 மீட்டர்ல இருந்தா Δ = 144 − 160 = −16, பந்து அங்க போகவே போகாது. 7,2 மீட்டர்னா Δ சரியா 0, உச்சியில ஒரே ஒரு தடவை தொட்டுட்டு திரும்புது.

k வர்ற கேள்வியிலதான் மார்க் போகுது. kx² − 4x + 1 = 0-க்கு ரியல் ரூட் ரெண்டு இருக்க k என்ன? Δ = 16 − 4k ≥ 0, அதனால k ≤ 4. சம ரூட்டும் சேரணும்னுதான் ≥ போட்டோம். இதோட நிறுத்தாதீங்க, k = 0 ஆனா அது குவாட்ராடிக்கே இல்ல, அதனால k ≠ 0-ன்னு கட்டாயம் எழுதணும்.

நீங்க போடுங்க, முதல்ல கணிப்பு, அப்புறம் விடை:
அ) x² − 4x − 7 = 0
ஆ) 9x² + 6x + 1 = 0
இ) x(x − 3) = −4
ஈ) 6x² + x − 2 = 0
உ) px² + 6x + 3 = 0-க்கு ரெண்டு வேற வேற ரியல் ரூட் இருக்க p என்ன?

விடை (போட்டு முடிச்சப்புறம் பாருங்க): அ) Δ = 44, x = 5,32 அல்லது −1,32. ஆ) Δ = 0, x = −1/3. இ) Δ = −7, ரியல் ரூட் இல்ல. ஈ) Δ = 49, x = 1/2 அல்லது −2/3. உ) 36 − 12p > 0, p < 3, p ≠ 0.