குட்டி, விசயம் கேள்விப்பட்டேன்

குட்டி, நியமனக் கடிதம் வந்த விசயத்தைச் சித்தி சொல்லிவிட்டா. நீயே சொல்ல வேண்டுமென்று இருந்தாயாம், நான் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி செய்ததால் போன் எடுக்கவில்லை, சித்தியால் விடியும்வரை பொறுத்திருக்க முடியவில்லை, வொய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டா. அதில் பாதி அழுகை, பாதி சிரிப்பு, நடுவில் கோழி கூவுகிற சத்தம். விவசாயப் போதனாசிரியர், அதுவும் மல்லாவிப் பக்கம்! வாழ்த்துக்கள் என்று குடும்பக் குழுவில் எல்லாரும் பூப்படம் போட்டிருக்கிறார்கள், நானும் ஒன்று போட்டேன், ஆனால் அதோடு விட மனம் வரவில்லை. உனக்குத் தனியாக எழுதவேண்டும் போல இருந்தது.

அம்மம்மாவுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். "எங்கட பிள்ளைக்குக் கவுண்மேந்து வேலையோ" என்று இரண்டு தரம் கேட்டா, பிறகு பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி அதையே தானே சொன்னா. பென்சன் வரும், கடன் எடுக்கலாம், நல்ல இடத்தில் கலியாணம் பொருந்தும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லுகிறார்கள். ஒன்றும் பிழையில்லை. விதைக்கிற நேரம் நகையை அடகு வைத்து, அறுவடை முடிய மீட்டு, அடுத்த போகத்துக்கு அதையே திரும்பவும் கொண்டுபோன வீடு உங்கள் வீடு. மாதம் முடிய ஒரு சம்பளம் வரும் என்பது சித்திக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் குட்டி, என் சந்தோசம் வேறு. இந்த வேலையை நீ எப்போதோ செய்யத் தொடங்கிவிட்டாய், கடிதம்தான் இப்போது வந்திருக்கிறது. வாழ்த்துக்காக இதைச் சொல்லவில்லை, நான் கண்ணால் பார்த்தவள்.

2009இல் செட்டிகுளம் முகாமில் நாங்கள் இருந்தபோது நீ சின்னப் பிள்ளை. உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. பெரியவர்கள் எல்லாரும் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் வரிசையில் நிற்க, நீ கறிக்கு வெட்டிய பூசணியில் இருந்து விதையை எடுத்து, குளித்த தண்ணீர் ஓடிப்போகிற ஈரத்தில் ஊன்றி வைத்தாய். அது முளைத்ததும் சுற்றிவரக் கல் வைத்து, ஒருவரையும் அந்தப் பக்கம் கால் வைக்க விடவில்லை. கொடி கூடாரத்துக் கயிற்றில் ஏறிப் பிஞ்சு பிடித்தபோது, பக்கத்துக் கூடாரத்து ஆட்களும் வந்து குந்தியிருந்து பார்த்தார்கள். சிரிப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. சித்தப்பா அன்றைக்குச் சிரித்தார்.

உயர்தரத்தில் இசட் புள்ளி கொஞ்சத்தில் தவறியபோது சொந்தக்காரர் என்னென்ன கதைத்தார்கள் என்று இப்போது கிளற விருப்பமில்லை. நீ அழுதாய், பிறகு தாண்டிக்குளம் விவசாயப் பாடசாலைக்கு விண்ணப்பம் போட்டாய். டிப்ளோமா முடித்த பிறகும் ஆட்சேர்ப்பு எப்போது, பரீட்சை எப்போது, நேர்முகம் எப்போது என்று எத்தனை தரம் வர்த்தமானியைப் பார்த்திருப்பாய். அந்தக் காத்திருப்புத்தான் ஆளைத் தின்னும். நீ அந்த நேரத்தைச் சும்மா விடாமல் கிளிநொச்சியில் ஒரு விவசாய மருந்துக்கடையில் போய் நின்றாய், சம்பளம் பெயருக்குத்தான்.

அந்தக் கடைக்கு ஒருநாள் உன்னைப் பார்க்க வந்தேனே, அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஒரு ஐயா சொப்பிங் பையில் நெற்பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். வயலில் இடையிடையே வட்டமாக எரிந்த மாதிரிக் காய்ந்து வருகுதாம், நல்ல விலையான மருந்தாக ஒன்று தரட்டாம். நீ மருந்து அலுமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. பயிரை வாங்கி, இலையை விட்டுவிட்டு, அடித்தண்டை விரித்து அவருக்குக் காட்டினாய். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கபில நிறத்தில் பூச்சிகள் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தன. "அறக்கொட்டி ஐயா. மேலால அடிச்சா இதுக்குப் படாது" என்றாய். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாய், யூரியா எவ்வளவு போட்டவர், எவ்வளவு அடர்த்தியாக விதைத்தவர், வயலில் தண்ணீர் கட்டி நிற்கிறதோ என்று. அவர் யூரியாக் கணக்கைச் சொல்ல நீ ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை. "முதல்ல தண்ணியை ரெண்டு மூண்டு நாளைக்கு வடிய விடுங்கோ, இனி யூரியா வேண்டாம், அதுக்குப் பிறகு அடித்தண்டை விரிச்சுப் பாருங்கோ, அப்பவும் கூடுதெண்டா வாங்கோ" என்று அனுப்பிவிட்டாய். கடைக்காரரின் முகம் கறுத்துப்போனது, அதை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய், ஆனாலும் சொன்னதை நீ மாற்றவில்லை.

அந்த ஐயா திரும்பி வந்தாரா, பயிர் தப்பியதா, எனக்குத் தெரியாது. ஆனால் மருந்து விற்றால்தான் சம்பளம் என்கிற இடத்தில் நின்றுகொண்டு மருந்து வேண்டாம் என்று சொன்ன பிள்ளைக்கு, இனி அதையே சொல்வதற்குத் திணைக்களம் சம்பளம் தரப்போகிறது. எனக்கு இதைவிட வேறென்ன சந்தோசம் வேண்டும்?

2021ஐயும் சொல்லவேண்டும். இரசாயன உரம் இறக்குமதி செய்வதை ஒரேயடியாக நிறுத்திய அந்த வருசக் காலபோகத்தில் வன்னி முழுக்கப் பயிர் மஞ்சளாக நின்றது, பிறகு நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்கிடையில் பலருக்குக் காலம் கடந்துவிட்டது. சித்தப்பா அந்த நாட்களில் வயலுக்குப் போய் வரம்பில் இருந்துவிட்டுத் திரும்பி வருவார், வீட்டில் ஒரு சொல்லும் இல்லை. நீதான் வேலியெல்லாம் கிளிசிரியாக் குழை வெட்டி, மாட்டெருவோடு சேர்த்துக் குவித்துக் கூட்டெரு போட்டாய். அதால் அந்தப் போகம் நிமிர்ந்துவிடவில்லை, நிமிரவும் முடியாது, அது உனக்கும் தெரிந்திருந்தது. ஒரு போகத்துக்குள் மண் மாறாது, கூட்டெருவைப் பழக்க வருசக்கணக்கு வேண்டும், உரத்தையும் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று அன்றைக்கு நீ விளங்கப்படுத்தியதை நான் இங்கே வாட்டில் ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அரசாங்கத்தைத் திட்டுகிறவர்கள் இருந்தார்கள், இயற்கை விவசாயம்தான் எல்லாம் என்கிறவர்களும் இருந்தார்கள், நீ இரண்டு பக்கமும் போகாமல் சித்தப்பாவின் வயலைப் பார்த்துக் கதைத்தாய்.

சித்தப்பாவைப் பற்றிச் சித்தி சொன்னதை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அவர் முதலில் கேட்டது, "அங்க எந்தக் குளத்துத் தண்ணி?" வவுனிக்குளம் என்று சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாராம். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "பாலியாத்துத் தண்ணி, நல்ல வயல்" என்றாராம். அவருடைய வாழ்த்து அவ்வளவுதான், நீ அதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

முதல் கமக்கார அமைப்புக் கூட்டத்துக்குப் போகும்போது பயப்படாதே. உன் அப்பா வயதுக்காரர்கள் பின் வாங்கிலில் இருந்து, "இந்தப் பிள்ளை எங்களுக்குச் சொல்லித்தர வந்திருக்கு" என்று ஒருத்தராவது சொல்லுவார்கள். சொல்லட்டும். நீ மறுமொழி சொல்லாதே, அவருடைய வயலுக்கே முதலில் போ. காற்சட்டையை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்குகிற ஆள் நீ, அதைப் பார்த்தால் போதும், அடுத்த கூட்டத்துக்கு அவரே உனக்குக் கதிரை எடுத்துப் போடுவார். காலபோகம் தொடங்குகிற நேரத்தில் போகிறாய் என்பதும் நல்லதுதான். புழுதி விதைப்புக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம், ஆட்களுக்குக் கேட்க ஆயிரம் கேள்வி இருக்கும். உளுந்து, கச்சான் போடுகிறவர்களையும் மறந்துவிடாதே, அநேகமாகப் பெண்கள், கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார்கள். வீட்டு முற்றத்தில் போய்க் கேட்டால்தான் சொல்லுவார்கள்.

சரி, இனி அக்காவாகவும் நேர்ஸாகவும் சில விசயம். சேற்றில் வெறுங்காலோடு இறங்குகிற பழக்கத்தை விடு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் எத்தனை உயிரை எடுத்தது என்று பார்த்தாய்தானே. காலில் கீறல், வெடிப்பு இருந்தால் மூடிக் கட்டிக்கொண்டுதான் இறங்கவேண்டும். விதைப்பு நேரம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அதற்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பார்கள், போய்க் கேட்டு, அவர்கள் சொல்லுகிற மாதிரிப் போடு. உன்னோடு வயலில் நிற்கிற ஆட்களுக்கும் சொல்லு, நாங்கள் வாட்டில் சொல்லுவதைவிட நீ வரம்பில் நின்று சொன்னால் கூடக் கேட்பார்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு என்று யாராவது சொன்னால், பனடோலைப் போட்டுக்கொண்டு கிடக்க விடாதே, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

விசுவமடுவில் இருந்து நாளாந்தம் போய்வரலாம் என்று சித்தி நினைக்கிறா. பரந்தனுக்கு வந்து, ஏ9 பிடித்து மாங்குளம் சந்தியில் இறங்கி, பிறகு மல்லாவி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றால் பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். அங்கேயே ஒரு அறை எடு, நான் சித்தியோடு கதைக்கிறேன், அதை என் பொறுப்பில் விடு. ஸ்கூட்டி எடுத்த பிறகும் இருட்டுப்பட முன்னம் வந்துவிடு, அந்தப் பக்கம் யானை ரோட்டில் நிற்கும்.

வட்டாப்பளை அம்மனுக்குச் சித்தி நேர்த்தி வைத்திருக்கிறா, உனக்குச் சொல்லியிருக்கமாட்டா. வைகாசிப் பொங்கலுக்கு லீவு இப்போதே யோசித்து வை, நானும் டியூட்டி மாற்றிக்கொண்டு வருகிறேன். முதல் சம்பளத்தில் எனக்கு ஒன்றும் வேண்டாம், சித்தியின் அந்தப் பழைய சங்கிலியை மீட்டுக் கொடு, குறைவது எவ்வளவு என்று சொல்லு, நான் போடுகிறேன், சித்தப்பாவுக்குத் தெரியவேண்டாம்.

இந்தச் சனிக்கிழமை எனக்கு ஓய்வு. வவுனியாவுக்கு வா, பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். முழங்கால் வரைக்கும் வருகிற நல்ல ரப்பர் பூட்ஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அது என்னுடைய பரிசு. உன் கால் அளவு ஐந்தா ஆறா என்று மட்டும் இன்றைக்கே அனுப்பு, கடைக்காரர் எடுத்து வைக்கிறேன் என்றிருக்கிறார்.

உன் அக்கா