ஆப்ஷன் விற்பது சுலபப் பணமா?

கே: ஆப்ஷன் என்பது குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை. பெரும்பாலான ஆப்ஷன்கள் பூஜ்ஜியமாகத்தானே முடிகின்றன, விற்றவருக்கு வாங்கிய பிரீமியம் அப்படியே லாபம்தானே?

ப: இல்லை. அமெரிக்கச் சந்தையில் பெரும்பாலானவை காலாவதிக்கு முன்பே கணக்கு முடிக்கப்படுகின்றன. கடைசிவரை இருந்து மதிப்பிழப்பவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

கே: சரி, பத்தில் ஒன்பது முறை ஜெயித்தால் லாபம்தானே?

ப: எத்தனை முறை ஜெயித்தீர்கள் என்பது மட்டும் போதாது, தோற்கும்போது எவ்வளவு போகிறது என்று பாருங்கள். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். 23,263-இல் இருந்த நிஃப்டி 21,884-இல் முடிந்தது. முந்தின நாள் 22,500 புட்டை, அதாவது நிஃப்டியை 22,500-க்கு விற்கும் உரிமையை, 100 ரூபாய்க்கு விற்றிருந்தால், முடிவு விலையில் உள்ளார்ந்த மதிப்பே, அதாவது 22,500-க்கும் 21,884-க்கும் உள்ள வித்தியாசமே, 616. நஷ்டம் குறைந்தது 516. ஐந்து வெற்றிகளின் பிரீமியம் ஒரே நாளில் காலி. பிணையாக வைக்க வேண்டிய மார்ஜினும் கூடும், கட்டாவிட்டால் தரகரே பொசிஷனை மூடிவிடலாம்.

கே: அப்படியானால் விற்கவே கூடாதா?

ப: விற்கலாம். அதைவிடக் குறைந்த விலைக்கான இன்னொரு புட் வாங்கி நஷ்டத்துக்கு வரம்பு கட்டிவிட்டு விற்கவும்.