பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்: வீட்டு மின்கட்டணம் உயர்வது ஏன்?

தண்டையார்பேட்டையில் நால்வர் வசிக்கும் ஒரு வீட்டில் ஏப்ரல் மாதக் கணக்கெடுப்பின்போது 500 யூனிட் பதிவாகி, 1,805 ரூபாய் கட்டணம் வந்தது. அடுத்து ஜூன் மாதத்தில் மீட்டர் 18,420-லிருந்து 18,930-க்கு நகர்ந்திருந்தது. பயன்பாடு 510 யூனிட். கட்டணம் 2,124 ரூபாய். இடைப்பட்ட காலத்தில் கட்டண உயர்வு எதுவும் அறிவிக்கப்படவில்லை. மீட்டரிலும் கோளாறு இல்லை. பத்து யூனிட் கூடியதற்கு 319 ரூபாய் ஏறியதன் காரணம் வீதப்பட்டியலிலேயே இருக்கிறது.

2024 ஜூலை முதல் நுகர்வோர் செலுத்தும் வீதப்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்குத் தலா 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் 2.35 ரூபாய்ப் படி மறைந்துவிடும். 101-லிருந்து 400 வரை அனைத்தும் 4.70 ரூபாய் ஆகிவிடும். மேற்படி வீட்டுக்கு அதனால் மட்டும் 235 ரூபாய் கூடியது. 500-க்கு மேற்பட்ட பத்து யூனிட்டுக்குத் தலா 8.40 வீதம் 84 ரூபாய். இரண்டும் சேர்ந்ததே 319. வீதத்தைக் கூட்டாமலே கட்டணம் கூடும் வழி இது என்பதால், கோடைக் கட்டணத்தைக் கண்டு திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அன்று, யூனிட்டை. கணக்கெடுப்புத் தேதியையும் பார்க்க வேண்டும்: அறுபது நாள் பயன்பாடு அறுபத்தைந்து நாளாக நீண்டால், அந்த ஐந்து நாளே 500-ஐத் தாண்டச் செய்துவிடக்கூடும்.

கட்டணச் சீட்டில் முழு வீதப்படியான தொகையும், அதிலிருந்து கழிக்கப்படும் அரசு மானியமும், எஞ்சிய நிகரத் தொகையும் இருக்கும். 100 யூனிட் இலவசம் 2016-இல் தொடங்கியது; அதற்கான பணத்தை அரசு மின் நிறுவனத்துக்குத் தருகிறது. வீடுகளுக்கான நிலைக்கட்டணம் 2022 செப்டம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. பயன்பாடு தொடர்ந்து கூடியிருந்தால் கூடுதல் வைப்புத்தொகை கேட்கப்படலாம். அது கட்டணமன்று, அதற்கு வட்டியும் வரவு வைக்கப்படும்.

இனி, வீதமே ஏன் ஏறுகிறது என்பதைப் பார்ப்போம். 2014-க்குப் பிறகு எட்டு ஆண்டுகளாகக் கட்டணம் மாற்றப்படவில்லை. அதற்குள் மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. கட்டணம் உயராத அந்த ஆண்டுகளை மக்கள் சலுகையாகவே கண்டனர். செலவோ வட்டியுடன் சேர்ந்துகொண்டே இருந்தது. 2022 செப்டம்பர் 10-ஆம் தேதி வீதங்களை உயர்த்திய தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையிலும் பணவீக்க விகிதம் அல்லது 6 சதவீதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்கு உயர்த்தலாம் என்றும் வகுத்தது. அதன்படி 2024-இல் 4.83 சதவீதம் உயர்ந்தது. 2023-இல் 2.18 சதவீத உயர்வையும் 2025-இல் 3.16 சதவீத உயர்வையும் வீடுகளுக்கு அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது. அந்தத் தொகை கட்டணச் சீட்டில் விழாவிட்டாலும் அரசின் வரிப்பணத்திலிருந்தே போகிறது.

செலவு எங்கே ஏறுகிறது என்பதை வடசென்னைவாசிகளுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. அத்திப்பட்டில் உள்ள அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி, ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் வந்து, கன்வேயர் மூலம் நிலையத்தைச் சேர்கிறது. சுரங்க விலை, ரயில் கட்டணம், கப்பல் வாடகை ஆகியவற்றுள் எது உயர்ந்தாலும் ஒரு யூனிட்டின் அடக்கவிலை உயரும். சொந்த உற்பத்தி போதாமல் வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்துக்கு இரு பகுதிகளாகப் பணம் தர வேண்டியுள்ளது: வாங்கிய யூனிட்டுக்கு ஒரு விலை, ஒப்பந்தப்படி தயாராக வைத்திருக்கும் நிலையத்துக்கு, மின்சாரம் எடுக்காவிட்டாலும் ஒரு நிலைச்செலவு. இவற்றோடு கம்பிகளில் ஏற்படும் இழப்பும், ஊழியர் ஊதியமும், பழைய கடனின் வட்டியும் சேர்கின்றன.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் ஒண்டுக்குடித்தனமாக வாழும் பலர் இந்தச் சீட்டைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. ஒரே இணைப்பிலிருந்து நான்கைந்து குடித்தனங்களுக்குத் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என வீட்டு உரிமையாளர் வசூலிக்கும்போது, மாதம் நாற்பது யூனிட் எரிக்கும் குடும்பமும் மேல்படியின் வீதத்தையே கட்டுகிறது. தனி இணைப்பு இருந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் இரு மாதப் பயன்பாடான எண்பது யூனிட் முழுவதும் இலவச வரம்புக்குள் அடங்கியிருக்கும்.