குமிழி நட்டநடுவில் நின்றது

முதல்வர் அவர்களே, பேராசிரியர்களே, வெயிலையும் பார்க்காமல் பிள்ளைகளின் பட்டத்தைக் காண வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் வாங்கும் சிவில் துறைத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

உங்களைப் போலவே நானும் இந்தத் துறையில் படித்தவள்தான். கட்டி முடித்த பாலங்களைப் பற்றிப் பேசலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நாளைக்கு சைட்டுக்குப் போகப்போகிறவர்களுக்கு ஒரு பாத்ரூம் கதைதான் அதிகம் உதவும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பாளையங்கோட்டையில் ஒரு வீடு, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. டைல்ஸ் வேலை மும்முரமாக நடக்கிறது. மேஸ்திரிக்கு என் அப்பா வயது. நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை மேடம் என்பார். பாத்ரூம் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி ஓரமாக ஒதுங்கி நின்றது. "அண்ணாச்சி, மட்டம் சரியில்லை, சரி பண்ணுங்க" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் குமிழி நட்டநடுவில். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

இங்கே சிலர் இப்போதே சிரிக்கிறீர்கள். நல்ல இன்ஜினியர்கள் நீங்கள்.

பாத்ரூமுக்கு வேண்டியது மட்டம் இல்லை, வாட்டம். 8 அடிக்கு ஓர் அங்குலமாவது, தண்ணீர் வெளியேறும் ஜாலியை நோக்கித் தரை சரிய வேண்டும். ஹால் தரையைவிடப் பாத்ரூம் தரை கொஞ்சம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். அண்ணாச்சி முதலில் போட்டிருந்தது அந்த வாட்டத்தைத்தான். அதை நான் உடைக்க வைத்து, ஹாலோடு ஹாலாக, கண்ணாடி மாதிரி சமமாக்கியிருந்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலை ஹாலில் கணபதி ஹோமம். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வரிசையாகக் குளிக்கிறார்கள். முதல் ஆள் குளித்தபோது வாசல்படி ஈரமானது, அவ்வளவுதான். நாலாவது ஆள் வாளியைக் கவிழ்த்தார் பாருங்கள், தண்ணீர் கதவுக்கு அடியில் புகுந்து நேராக ஹோமகுண்டத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே நெய்க்கிண்ணத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஜமக்காளத்தில் பட்டு வேட்டியோடு இருந்த மாமா, எழுந்த பிறகுதான் ஏன் எழுந்தோம் என்று தெரிந்துகொண்டார். ஒரு பொடியன் வெற்றிலையை எடுத்து ஓடம் விட ஆரம்பித்துவிட்டான். வீட்டு ஆச்சி மட்டும் அசையவில்லை. இரண்டு கையையும் கூப்பி, "தாமிரபரணியே வீடு தேடி வந்துட்டாளே!" என்றார். வீடே சிரித்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

அந்த ஆச்சிதான் என்னைத் தேடி வந்தார். பாயசத்தைக் கையில் கொடுத்து, "தரைதானே தாயி, உடைச்சுப் போட்டா ஆச்சு. மொதல்ல இதைக் குடி" என்றார். இன்றுவரை அதைவிடப் பெரிய விருது எனக்கு யாரும் தரவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக அண்ணாச்சி உளியும் சுத்தியலுமாக வந்து நின்றார். "தப்பு உங்களதில்லை, நான்தான் உடைக்கச் சொன்னேன்" என்றேன். "நான் ஒருவார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கணும் மேடம்" என்றார் அவர். இருவரும் சேர்ந்தே உடைத்தோம். புதுச் சிமெண்ட் கலவையை விரவி, மட்டப்பலகையை ஒரு மூலையிலிருந்து ஜாலிக்கு இழுத்து, வாட்டம் என்பது கைக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்குத்தான் காட்டிக் கொடுத்தார். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்து, "ஊத்திப் பாருங்க" என்றார். ஊற்றினேன். தண்ணீர் தயங்காமல் ஜாலிக்குள் போனது. அன்றிலிருந்து எந்த வீட்டையும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் நான் ஒப்படைத்ததில்லை.

தம்பி தங்கைகளே, நீங்கள் படித்தது எல்லாம் உண்மை. ரசமட்டமும் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் 30 வருஷ அனுபவத்தோடு ஒருவர் வாயெடுத்தார், நான் நின்று கேட்கவில்லை, அவ்வளவுதான். அதனால் முதல் நாள் சைட்டுக்குப் போனதும் மேஸ்திரியிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அவர் பெயரைக் கேளுங்கள். "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். அப்படிக் கேட்டும் சறுக்கத்தான் செய்யும். அப்போது உங்களுக்கும் ஓர் ஆச்சி கிடைக்கட்டும். நாலைந்து வருஷம் கழித்து உங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை தூணுக்குப் பின்னால் நின்று அழுதால், முதலில் ஒரு டம்ளர் பாயசத்தோடு போங்கள். உளியை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் மனமார்ந்த வாழ்த்துகள். பெற்றோர்களுக்கும் ஒரு பலத்த கைதட்டல் கொடுங்கள். நன்றி, வணக்கம்.