கவிதாவுக்கு, சிகிச்சை நிறைவுக் கடிதம்

17 மார்ச் 2025

அன்புள்ள கவிதா,

சென்ற வியாழக்கிழமை கதவுவரை போய்விட்டுத் திரும்பி, "இத்தனை நாள் பேசியதை எழுதித் தாருங்கள், எனக்கு மறந்துவிடும்" என்றீர்கள். மறந்துவிடும் என்பது உண்மைதான். சோர்வு வரும்போது முதலில் களவு போவது நல்ல நாட்களின் நினைவு. அதனால் உடல்நலம் இல்லாத ஒரு நாளில் நீங்கள் படிப்பதை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

2022 நவம்பரில் வந்தீர்கள். இரண்டு ஆண்டு நான்கு மாதங்களில் 74 அமர்வுகள். அது உங்களுக்கு வந்த மூன்றாவது மனச்சோர்வு. அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் படுக்கையில் இருந்தீர்கள். அலுவலகத்தில் நீண்ட விடுப்பு. இரண்டு வாரத்து நிலையைக் கேட்கும் ஒன்பது கேள்வி வினாத்தாளில் 27-க்கு 21 வந்தது. கடைசி அமர்வில் 5. எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வேறு ஒன்றைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்தத் துணிப்பை ஞாபகம் இருக்கிறதா? 23-ஆவது அமர்வுக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து மேசையில் கவிழ்த்தீர்கள். பிரிக்காத உறைகள் பதினொன்று. வங்கி, காப்பீடு, வரி, இரண்டு அலுவலகக் கடிதங்கள். ஒன்றை எடுத்துப் பிரிக்க ஆறு நிமிடம் ஆயிற்று, கை நடுங்கியது. உள்ளே இருந்தது தோழியின் திருமண அழைப்பிதழ். தேதி கடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நீங்கள் அழுதீர்கள். பிறகு, "நான் பயந்தது இதற்கா!" என்று சிரித்தீர்கள். அன்று நான்கு உறைகளைப் பிரித்தோம். மீதியை வீட்டில் நீங்களே பிரித்தீர்கள். இப்போது உறை வந்த அன்றே பிரிக்கிறீர்கள், அதுவும் நின்றுகொண்டே. சிகிச்சையின் பலன் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனம் சரியானால் எழுந்து நடப்பேன் என்று காத்திருந்தவர், நடந்தால் மனம் கொஞ்சம் சரியாகும் என்பதைச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டீர்கள். "நான் உதவாக்கரை" என்ற எண்ணம் வரும்போது அதைத் தீர்ப்பாக ஏற்காமல், சாட்சி எங்கே என்று கேட்கிறீர்கள். அம்மாவின் கடைசி வாரத்தைப் பற்றிப் பேச முடிகிறது. மேலாளரிடம் ஒரு முறை "முடியாது" என்று சொன்னீர்கள். வானம் இடிந்து விழவில்லை.

முடியாதவையும் உண்டு. அண்ணன் மீதான கோபத்தைத் தொட்டோம், தீர்க்கவில்லை. ஒரு சிறு பிழைக்காக இரவு முழுவதும் உங்களையே திட்டிக்கொள்ளும் பழக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை. இவற்றோடும் நலமாக வாழலாம் என்றுதான் சிகிச்சையை முடிக்கச் சம்மதித்தேன்.

இனி, திரும்ப வருவதைப் பற்றி. ஒரு முறை மனச்சோர்வு வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது மறுபடி வருகிறது. ஒவ்வொரு முறைக்குப் பிறகும் அந்த வாய்ப்பு கூடுகிறது. உங்களுக்கு மூன்று முறை வந்துவிட்டது. ஆகவே "இனி வராது" என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சறுக்குவது வேறு, விழுவது வேறு. இரண்டு மோசமான நாட்கள் வந்தால் அது சறுக்கல். "எல்லாம் போயிற்று" என்று அதற்குப் பெயர் வைத்து எல்லாவற்றையும் கைவிடுவதுதான் அதை வீழ்ச்சியாக்குகிறது.

உங்கள் மூன்று முறைகளையும் நாள்வாரியாகத் தாளில் வரைந்து பார்த்தோம். மூன்றிலும் வருத்தம் கடைசியில்தான் வந்தது. முதலில் வந்தவை இவை: உறை பிரிக்கப்படாமல் கிடப்பது, அக்காவின் அழைப்பை எடுக்காமல் "பிறகு பேசுகிறேன்" என்று செய்தி அனுப்புவது, அதிகாலை நாலு மணிக்கு விழிப்பு, மாலை நடையை "இன்று மட்டும்" என்று விடுவது. எனவே மனநிலையைக் கண்காணிக்க வேண்டாம், அது ஏமாற்றும். உறையையும் தொலைபேசியையும் பாருங்கள்.

ஞாயிறு காலை பத்து நிமிடம் ஒதுக்கி இந்த நான்கையும் நோட்டில் குறியுங்கள். ஒன்று இருந்தால் குறித்துவிட்டு நகருங்கள். இரண்டு இருந்தால் அந்த வாரமே பழைய அட்டவணைக்குத் திரும்புங்கள்: ஒரே நேரத்தில் எழுவது, இருபது நிமிட நடை, ஒரு நாளைக்குச் செய்து முடிக்கக்கூடிய ஒரே ஒரு சிறு வேலை. அக்காவிடம் "இரண்டு" என்று மட்டும் சொன்னால் போதும்; அதன் பொருள் அவருக்குத் தெரியும். மூன்று இருந்தாலோ, இரண்டு என்பது இரண்டு வாரம் நீடித்தாலோ, ஒன்பது கேள்விகளையும் நிரப்புங்கள். பத்தோ அதற்கு மேலோ வந்தால் என்னை அழையுங்கள். "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா" என்று தோன்றும். அந்தத் தோன்றலும் அடையாளங்களில் ஒன்றுதான்.

ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் கணக்கு வேறு. சாவதைப் பற்றியோ உங்களைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ எண்ணம் வந்தால், மொத்த எண் எதுவானாலும் அன்றே அக்காவிடமோ மனநல மருத்துவரிடமோ என்னிடமோ சொல்லுங்கள். எண்ணம் திட்டமாக மாறினால், தனியாக இருக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அலமாரிக் கதவின் உட்புறம் நாம் ஒட்டிய தாளில் எண்கள் எல்லாம் இருக்கின்றன. மாத்திரைகளை அக்காவிடம் கொடுத்துவைப்பது என்ற ஏற்பாடும் அதிலேயே இருக்கிறது.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. 2024 பிப்ரவரியில் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நீங்களாகவே நிறுத்தினீர்கள். ஐந்து வாரத்தில் 7 ஆக இருந்த எண் 14 ஆயிற்று. அந்தச் சறுக்கலில் எனக்கும் பங்கு உண்டு. அந்த மாதம்தான் அமர்வுகளை மாதம் ஒன்றாக்கினேன், அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் அன்று நீங்கள் மூன்றாவது வாரத்திலேயே அழைத்தீர்கள். முன்பு எட்டு மாதம் ஆகியிருந்தது. மருந்தைக் குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் மருத்துவரிடம் பேசிப் படிப்படியாகவே செய்யுங்கள். மூன்று முறை வந்தவர்களை நீண்ட காலம் தொடரச் சொல்வது வழக்கம்தான்.

கவனமாக இருக்க வேண்டிய காலம் இரண்டு: அம்மா இறந்த ஆகஸ்ட், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடி. ஆகஸ்ட் முதல் வாரத்தில் புதுப் பொறுப்பு எதையும் ஏற்க வேண்டாம் என்பது உங்களுடைய யோசனை, என்னுடையது அல்ல. நல்ல யோசனை.

கடைசி மாதத்தில் இரண்டு அமர்வுகளை ரத்து செய்தீர்கள். நான் அதைக் கேட்டபோது, "பிரிவதற்கு முன் நானே போய்விட நினைத்தேன்" என்றீர்கள். அம்மாவிடம் விடைபெற முடியாதவருக்கு இது கடினமாக இருந்ததில் வியப்பில்லை. ஆனாலும் கடைசி அமர்வுக்கு வந்தீர்கள், ஐம்பது நிமிடமும் இருந்தீர்கள். எனக்கும் அந்த வியாழக்கிழமை நான்கு மணி கொஞ்ச நாள் வெறுமையாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 17, ஆகஸ்ட் 7, நவம்பர் 20 ஆகிய மூன்று வியாழக்கிழமைகளில் அதே நான்கு மணிக்குத் தொடர் சந்திப்புகள். நலமாக இருந்தாலும் வாருங்கள். உங்கள் சம்மதப்படி இதன் பிரதி ஒன்று மனநல மருத்துவருக்குப் போகிறது. அண்ணனைப் பற்றிய வரியையும் அமர்வில் நீங்கள் சொன்னவற்றையும் அந்தப் பிரதியில் நீக்கிவிட்டேன்.

இந்தக் கடிதமும் உறையில்தான் வரும். வந்த அன்றே பிரித்தீர்களா என்று ஏப்ரலில் கேட்பேன்.

அன்புடன்,
சுமதி
உளவியலாளர்