செம்பியைக் காணவில்லை (சென்னிமலை – வெள்ளோடு வாய்க்கால் கரை)

தீபாவளி இரவு எட்டு மணி வாக்கில், தெருவில் வைத்த சரவெடிக்கு மிரண்டு, எங்கள் தோட்டத்துக் கட்டுத்தரையிலிருந்து எங்கள் நாய் செம்பி ஓடிவிட்டாள். இன்று மூன்றாம் நாள். மறுநாள் விடியற்காலையில் பால் ஊற்றப் போனவர், அவள் கீழ்பவானி வாய்க்கால் கரையில் அரச்சலூர் பக்கமாகத் தனியே நடந்துபோனதைப் பார்த்திருக்கிறார். அதன்பின் ஒரு தகவலும் இல்லை.

பெட்டை நாட்டு நாய், வயது 6. செவலை நிறம், நெஞ்சிலும் வால் நுனியிலும் வெள்ளை. வலது முன்னங்காலை லேசாகச் சாய்த்து நடப்பாள். பச்சை நைலான் கழுத்துப்பட்டை இருந்தது. வேலியில் சிக்கிக் கழன்றிருக்கலாம். கருத்தடை செய்யப்பட்டவள், யாரையும் கடித்ததில்லை. இன்னோர் அடையாளமும் உண்டு. அதை வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை.

அவசரம் எதற்கென்றால், அவளுக்கு வலிப்பு உண்டு. இரண்டு வேளையும் மாத்திரை தருகிறோம். திடீரென நின்றால் வலிப்பு திரும்ப வரும். கீழே விழுந்து கால்களை உதறினால் வாய்க்குள் கை விடாதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். கல், முள் இல்லாத நிழலான இடமாக இருந்தால் போதும், சற்று நேரத்தில் எழுந்துவிடுவாள்.

பயந்த நாய் ஓடிக்கொண்டே இருக்காது, பதுங்கிவிடும். உங்கள் சோளத்தட்டுப் போருக்கு அடியில், கிளுவை வேலி ஓரத்தில், மோட்டார் அறைக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கண்டால் தயவுசெய்து துரத்த வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் போகிறது, மிரண்டு குதித்துவிட்டால் அந்தக் கரையில் ஏற முடியாது. தள்ளி உட்கார்ந்து, "செம்பி, கண்ணு, சோறு" என்று மெதுவாகக் கூப்பிடுங்கள். என் அம்மாயி கூப்பிடுவது அப்படித்தான். மூன்று நாளாகத் தட்டில் சோறு வைத்து, வாசலில் அதே குரலில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

தகவலை எனக்குத் தனிச்செய்தியாக அனுப்புங்கள். உங்கள் எண்ணையோ தோட்டத்து முகவரியையோ எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டாம். பார்த்த இடம், நேரம், போன திசை, முடிந்தால் ஒரு படம் போதும். வீட்டில் வயதானவர்கள் தனியே இருப்பதால் எங்கள் எண்ணையும் நான் இங்கே போடவில்லை. நேற்றே ஒருவர், நாய் தன்னிடம் இருக்கிறது, பெட்ரோலுக்கு 500 ரூபாய் முன்னால் அனுப்புங்கள் என்றார். நான் எழுதாத அடையாளத்தைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். பிடித்து வைத்திருப்பவர் அந்த அடையாளத்தைச் சொன்னால் உடனே புறப்பட்டு வருகிறேன். பகல் நேரத்தில் மலை அடிவாரத்தில் ஆட்கள் இருக்கும் இடத்தில் சந்திக்கலாம். அவள் கையில் வந்தபிறகு 3,000 ரூபாய் அன்போடு தருகிறேன். அதற்கு முன் எவருக்கும் பணம் அனுப்பமாட்டேன், கடவு எண் எதுவும் சொல்லமாட்டேன்.

அவளாகவே உங்கள் வாசலுக்கு வந்து, உங்களுக்குப் பிடித்துப்போய் வளர்க்கலாம் என்று நினைத்திருந்தாலும் சொல்லுங்கள், கோபப்படமாட்டேன். மாத்திரையின் பெயரையாவது உங்களிடம் சொல்லியாக வேண்டும். சாலையிலோ வாய்க்காலிலோ உயிரில்லாமல் கிடந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அம்மாயியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.