கண்டிச் சந்தைக்குப் போகுமுன்: கைக்கு அடக்கமான சிங்களம்

ஒலிப்பு: 'தென்ன' என்பதில் தகரம் 'தேசம்' போல, 'கணன்' என்பதில் ககரம் 'கங்கை' போல, 'பாகயக்' என்பதில் பகரம் 'பஸ்' போல. 'நே', 'வெடி' இரண்டிலும் உயிரொலியை 'பேங்க்' என்று சொல்வதுபோல் வாயை அகலத் திறந்து சொல்லுங்கள்.

கேட்க
மேக்க கீயத? – இது எவ்வளவு?
கிலோ எக்க கீயத? – கிலோ என்ன விலை?
எனசால் தியெனவத? – ஏலக்காய் இருக்கா?
'நே' என்றால் இல்லை. 'இவரய்' என்றால் தீர்ந்துவிட்டது.

வாங்க
கிலோ பாகயக் தென்ன – அரைக் கிலோ தாங்க
கிராம் தெசீய பனஹக் – 250 கிராம்
ஹொந்த ஏவா தென்ன – நல்லதாகத் தாங்க
இதிச்ச ஏவா – பழுத்தவை. வாழைப்பழம் சீப்புக் கணக்கில்லை, நிறுத்துத்தான் விற்பார்கள்.
தவ டிகக் – இன்னும் கொஞ்சம்
எதி – போதும்

பேரம்
கணன் வெடி – விலை அதிகம்
டிகக் அடு கரன்ன – கொஞ்சம் குறைங்க
கீயட்டத தென்னே? – எவ்வளவுக்குத் தருவீங்க?
வேண்டாமென்றால் 'ஓனே நே'. 'எபா' என்றாலும் வேண்டாம்தான், ஆனால் முகத்தில் அடித்தாற்போல் இருக்கும்.

வயதில் சின்னவரை 'மல்லி' என்று கூப்பிடலாம். கொத்தமல்லி அல்ல, தம்பி. 'நங்கி' தங்கை. 'அக்கா' அக்காவேதான். 'அய்யா' என்றால் அண்ணன், நம் ஊர் ஐயா இல்லை.

விலை காதில் விழ
சீய 100, தெசீய 200, துன்சீய 300, ஹாரசீய 400, பன்சீய 500, ஹயசீய 600, ஹத்சீய 700, அடசீய 800, நவசீய 900, தாஹ 1000. பனஹ என்பது 50. 250 'தெசீய பனஹ'.
தடுமாற வைப்பது 400-ம் 700-ம்தான். 'நான்கு' தனியே வரும்போது 'ஹதர', நூறோடு சேர்ந்தால் 'ஹார'. அதனால் 'ஹத்சீய' என்று கேட்டதும் நாலு நூறு என்று நினைத்துவிடுவோம். அது ஏழு நூறு. சந்தேகமா? 'லியலா தென்ன' (எழுதித் தாங்க) என்று காகிதத்தை நீட்டுங்கள்.

பொருள்கள்
அல – உருளைக்கிழங்கு
ரத்து லூனு – சின்ன வெங்காயம்
லொகு லூனு – பெரிய வெங்காயம்
சுது லூனு – பூண்டு
அமு மிரிஸ் – பச்சை மிளகாய்
கம்மிரிஸ் – மிளகு
குருந்து – பட்டை
கராபு நெட்டி – கிராம்பு
பொல் – தேங்காய்
தெஹி – எலுமிச்சை

'லூ' நெடிலை விழுங்கிவிடாதீர்கள்: குறிலாகச் சொன்னால் 'லுணு', அதாவது உப்பு.

காசு கொடுக்கும்போது
மாரு சல்லி நே – சில்லறை இல்லை. ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் அதிகம் கேட்கப்போகும் பதில்.
இதுரு சல்லி – மீதிப் பணம்
ஸ்தூதி – நன்றி

மாட்டிக்கொண்டால்
ஹெமின் கியன்ன – மெதுவாகச் சொல்லுங்க
மட்ட தேரென்னே நே – எனக்குப் புரியலை
தெமள புளுவன்த? – தமிழ் தெரியுமா? கண்டிக் கடைகளில் தமிழ் பேசுவோர் பலர் உண்டு. பேரம் இழுபறியாகும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.